பூச்சோங் ஊறுகாய்: அன்று கை, இன்று லேபிள்

பூச்சோங் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் ஊறுகாய்க்குப் பிராண்டு கிடையாது, ஆள்தான் உண்டு. எந்த லயத்து ஆயா போட்ட மாங்காய் ஆறு மாதம் தாங்கும், யாருடையது மூன்றாம் வாரமே பூத்துவிடும் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த செய்தி. கின்ராராவில் பெண் எடுத்தால் அந்த வீட்டு ஜாடியின் பேரும் சேர்ந்தே வரும். மாங்காய்த் துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, வெயிலில் வாட்டி, தாராளமாக உப்புப் போட்டு, காய்ச்சி ஆறவைத்த எண்ணெயைத் துண்டுகளுக்கு மேல் ஒரு விரல்கடை நிற்கும்படி ஊற்றினார்கள். உப்பு நீரை இழுத்துக்கொள்ளும், புளிப்பு கிருமியை அடக்கும், எண்ணெய் காற்றைத் தடுக்கும். பாதுகாப்புப் பொருள் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை.

இன்று 14ஆம் மைலிலோ பண்டார் புத்ரியிலோ மளிகைக்கடைக்குள் நுழைந்தால் அந்த ஆயாவைக் கேட்க முடியாது. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் எண்ணெய். சேர்மானங்கள் எடையில் அதிகமானது முதலில் வரும்படி எழுதப்படுகின்றன. முன்பக்கம் பெரிய எழுத்தில் நல்லெண்ணெய் என்று இருந்தாலும், பின்பக்கத்தில் மின்யாக் சாவிட் முன்னாலும் மின்யாக் பிஜான் பின்னாலும் வந்தால், அது பாமாயிலில் ஊறிய மாங்காய். நல்லெண்ணெய் வாசத்துக்குச் சேர்த்தது. இந்தியாவிலிருந்து வரும் சில பாட்டில்களில் பருத்திக்கொட்டை, தவிடு, பாமோலின் என்று சாய்கோடு போட்டு மூன்று எண்ணெய்களும் இருக்கும். அந்தந்த நேரத்தில் கிடைத்ததை ஊற்றினோம் என்றுதான் நான் அதைப் படிப்பேன்.

பாமாயிலைக் குறைசொல்ல மாட்டேன். அது எளிதில் சிக்கு அடிக்காது, நம் நாட்டுச் சூட்டையும் தாங்கும். நல்லெண்ணெய் விலைக்கு அதை விற்பதுதான் தவறு. சந்தேகம் வந்தால் மேலே நிற்கும் எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்துச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். பாமோலின் வெளிறிக் கலங்கித் திட்டுத்திட்டாக உறையும். சுத்தமான நல்லெண்ணெய் ஓடும். கடலெண்ணெயும் குளிரில் தடிக்கும் என்பதால், உறைந்தது எந்த எண்ணெய் என்று இந்தச் சோதனை சொல்லாது. நல்லெண்ணெய் மட்டுந்தான் என்ற வாக்கு பொய் என்பதை மட்டும் சொல்லிவிடும்.

அடுத்தது பாதுகாப்புப் பொருள். பெங்காவெட் என்ற சொல் பாதுகாப்புப் பொருள் எதையும் குறிக்கும்; அதோடு 211 என்ற எண்ணைப் பார்த்தால் அது சோடியம் பென்சோயேட். புளிப்புள்ள பண்டத்தில்தான் அது வேலை செய்யும். அனுமதித்த அளவுக்குள் இருந்தால் ஒதுக்க வேண்டியதில்லை. உப்பைக் குறைத்து, எண்ணெயையும் குறைத்து விற்கும்போது அந்த இடத்தை நிரப்ப அது வருகிறது. எனக்கு அதிகக் கவலை தருவது பாதுகாப்புப் பொருள் இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கும் வீட்டுப் பூண்டு ஊறுகாய்தான். எண்ணெய்க்கு அடியில், காற்றில்லாமல், புளிப்பும் இல்லாமல் பூண்டு கிடந்தால் போட்யூலினம் கிருமி வளர இடமுண்டு. அதன் நச்சை மணமோ நிறமோ காட்டிக்கொடுக்காது. சேர்மானத்தில் எலுமிச்சைச்சாறோ வினிகரோ புளியோ எதுவும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, பலர் பார்க்காத தொகுதிக் குறி. கிள்ளானிலும் பூச்சோங்கிலும் வீட்டிலிருந்து போட்டு வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்களில் கவனமானவர்கள் மார்க்கரில் 25/077/2 என்பதுபோல எழுதுகிறார்கள். 2025ஆம் ஆண்டின் 77ஆம் நாள், அதாவது மார்ச் 18, இரண்டாவது சட்டி. ஒரு பாட்டிலில் மூடி உப்பி நுரை வந்தால், அந்தச் சட்டியில் போட்டதை மட்டும் யார் யார் வாங்கினார்கள் என்று நோட்டைப் பார்த்துத் திரும்பக் கேட்கலாம். மலேசியச் சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழும் இப்படிப் பின்தொடரும் பதிவைக் கேட்கிறது. வெறும் காலாவதித் தேதியால் இது முடியாது.

இறக்குமதிச் சரக்கில் வேறு தொல்லை. இறக்குமதியாளர் ஒட்டும் ஸ்டிக்கர் சில வேளை மூலத் தேதியின் மேலேயே உட்கார்ந்துவிடும். ஓரத்தில் பொதியிட்டது ஜூன் 2024, பன்னிரண்டு மாதம் என்று தெரிந்து, ஸ்டிக்கரில் டிசம்பர் 2025 என்று இருந்தால் அந்தப் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அப்பளத்துக்குச் சோதனை இன்னும் சுருக்கம். ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்தான் முதலில் கெடும், ஆகவே உறையைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பொரித்தால் சிவந்து கசந்தால் அப்பளக்காரம் கூடிப்போனது. 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் தொடங்கிய லிஜ்ஜத்தில் மாவை ஓரிடத்தில் பிசைந்து வீடுகளுக்குக் கொடுத்து இட்டுவரச் செய்கிறார்கள். எத்தனை கை மாறினாலும் உப்பும் காரமும் மாறாதது அதனால்தான். இங்கே சிறு அளவில் போடுகிறவர்களிடமும் நான் கேட்பது அதையே: இந்தக் கட்டு எந்த நாள் பிசைந்த மாவு?