எஃப்-2 விசா: கூடப் போகலாம், சம்பாதிக்கக் கூடாது

கோவையில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு அமெரிக்காவில் இரண்டு வருட எம்.எஸ். படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. ‘நீ படி, நான் அங்கே வந்து ஏதாவது வேலை பார்த்து வாடகையைச் சமாளித்துக்கொள்கிறேன்’ என்கிறார் கணவர். குடும்பத்தின் மொத்தக் கணக்கும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. அந்தக் கணக்கு நடக்காது என்பதை விமானம் ஏறும் முன்பே அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவிக்கு எஃப்-1 விசா. அவருடைய கணவருக்கும், 21 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கும் எஃப்-2 விசா. அதை வாங்குவது பெரிய சிக்கலில்லை. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதினால், கணவர் பெயரிலும் குழந்தை பெயரிலும் தனித்தனி ஐ-20 படிவம் தருவார்கள். ஆனால் அதற்கு முன், மூன்று பேருக்கும் சேர்த்துச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் கூடுதலாக எவ்வளவு காட்ட வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். செவிஸ் கட்டணமான 350 டாலரை மாணவி மட்டும் கட்டினால் போதும். விசா விண்ணப்பமும் அதன் கட்டணமும் மட்டும் ஆளுக்கொன்று. திருமணப் பதிவுச் சான்றிதழையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் நேர்காணலுக்கு எடுத்துப் போக வேண்டும். கோயிலில் தாலி கட்டிய புகைப்படம் மட்டும் போதாது. திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் முதலில் அந்த வேலையை முடிப்பது நல்லது.

செலவுக்கான பணத்தைக் காட்டச் சொல்லும் அந்த இடத்திலேயே விஷயம் புரிந்துவிட வேண்டும். கணவர் அங்கே சம்பாதிப்பார் என்ற கணக்கை அவர்கள் ஏற்பதில்லை. ஏனென்றால் எஃப்-2 விசாவில் இருப்பவர் வேலை செய்யக் கூடாது. பகுதி நேரம், வளாகத்துக்குள், வாரம் பத்து மணி நேரம் என்று எந்தச் சலுகையும் கிடையாது. விண்ணப்பித்து அனுமதி வாங்கவும் வழியில்லை. மாணவியாவது கல்லூரி நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். கணவருக்கு அதுவும் இல்லை. வேறொரு குடும்பத்தில் பதினாறு வயது மகன் இருந்தால், அவன் உணவகத்தில் மாலை நேர வேலைக்குப் போவதற்கும் இதே தடைதான்.

வேலை செய்ய அனுமதி இல்லாததால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வராது. வேலைக்குப் போக நினைக்காதவரையும் இது தொடும். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனால், பல மாநிலங்களில் அந்த எண்ணைக் கேட்பார்கள். அப்போது சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய், ‘இவருக்கு எண் பெறும் தகுதி இல்லை’ என்று ஒரு கடிதம் எழுதி வாங்கி வர வேண்டும். இங்கே குழுத்தலைவராக இருந்து பத்துப் பேரை வேலை வாங்கியவருக்கு, அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கும் நிமிடம் லேசானதல்ல.

பிரச்சினை பெரும்பாலும் அலுவலக வேலையால் வருவதில்லை. அதற்கு எண் கேட்பார்கள், ஆவணம் கேட்பார்கள், அங்கேயே நின்றுவிடும். ஆபத்து சமையலறையிலிருந்துதான் தொடங்குகிறது. பக்கத்து அபார்ட்மெண்டில் நான்கு தமிழ்ப் பையன்கள் படிக்கிறார்கள். மாதம் இவ்வளவு என்று பேசி அவர்களுக்கு இரவுச் சாப்பாடு கொடுப்பது. இட்லி மாவு அரைத்து விற்பது. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பணத்துக்குப் பார்த்துக்கொள்வது. பரதநாட்டியம், பாட்டு, கணக்கு டியூஷன். ‘நம்ம ஊர்ப் பிள்ளைகள்தானே, இதெல்லாம் ஒரு வேலையா’ என்று தோன்றும். கூலி வாங்கிக்கொண்டு செய்தால் சட்டத்தின் பார்வையில் அது வேலைதான். கோயிலில் அன்னதானத்துக்குச் சமைக்கலாம், நூலகத்தில் தொண்டு செய்யலாம், அது வேறு. அதே சமயம், சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் இடத்தில் ‘சும்மா வந்து செய்கிறேன்’ என்று உட்காருவது தொண்டாகாது.

இந்தியாவில் இருக்கும் கம்பெனிக்கு அங்கிருந்தபடியே மடிக்கணினியில் வேலை பார்ப்பதைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். சம்பளம் இந்திய வங்கியில் ரூபாயாக விழுகிறதே என்பது வாதம். விதியோ, சம்பளம் எந்த நாட்டில் விழுகிறது என்று பிரித்துப் பேசவில்லை. வேலை ஏற்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. குடிவரவு வழக்கறிஞர்களே இதில் ஒத்த கருத்தில் இல்லை. சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமானால் அதுதான் பாதுகாப்பானது என்பேன். வேலையை விடாமல் போகிறவர், வழக்கறிஞரின் ஆலோசனையை எழுத்தில் வாங்கிவிட்டுப் போகட்டும்.

மீறினால் என்ன ஆகும்? அன்றைக்கே கதவைத் தட்ட மாட்டார்கள். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஃப்-2 அந்தஸ்தை மீறியதாகிவிடும். சில வருடம் கழித்து வேறு விசாவுக்கு மாறும்போதோ, கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ, ‘அனுமதியின்றி வேலை பார்த்ததுண்டா’ என்று கேள்வி வரும். உண்மை சொன்னால் விண்ணப்பம் சிக்கும். பொய் சொன்னால் அது தனிக் குற்றம், இன்னும் பெரியது. விமான நிலைய அதிகாரிகளுக்குக் கைப்பேசியைத் திறந்து பார்க்கும் அதிகாரமும் உண்டு. சாப்பாட்டு ஆர்டர் எடுத்த வாட்ஸ்அப் குழு அதில்தான் இருக்கும்.

படிக்கத் தடையில்லை. குழந்தை அரசுப் பள்ளியில் கட்டணமின்றிச் சேரலாம். கணவரும் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில், முழு நேர அளவுக்குக் குறைவாக, பாடங்கள் எடுத்துப் படிக்கலாம். 2015-இல் வந்த விதி இது. முழு நேரமாகப் படிக்க வேண்டுமென்றால் அவரே எஃப்-1 ஆக மாற விண்ணப்பித்து, ஒப்புதல் கைக்கு வந்த பிறகே வகுப்பில் சேர வேண்டும்.

நம் தம்பதியின் காலக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். படிப்பு இரண்டு வருடம். அதன்பின் மனைவிக்கு ஓபிடி என்னும் பயிற்சி வேலைக்கு 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் என்பதால் மேலும் 24 மாதம். மனைவி சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டாலும் கணவர் அப்போதும் எஃப்-2தான். பலருக்கு இது தெரிவதில்லை. மனைவிக்கு எச்-1பி கிடைத்தால் கணவர் எச்-4 ஆவார். அப்போதும் உடனே வேலைக்குப் போக முடியாது. பொதுவாக மனைவியின் கம்பெனி கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவைப் போட்டு அது ஏற்கப்பட்ட பிறகே அவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆக, ஐந்து வருடம் வருமானமில்லாமல் இருக்க நேரலாம் என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும். நடுவில் கணவருக்கே ஒரு கம்பெனி எச்-1பி மனு போட்டுக் குலுக்கலில் விழுந்தால் மட்டும் கதை மாறும்.

வேறு நாட்டில் இருக்கும் உறவினர் சொல்லும் அனுபவத்தை அமெரிக்காவுக்குப் பொருத்திவிடக் கூடாது. பிரிட்டனில், துணையை அழைத்துவர அனுமதி கிடைத்தால் அவர் அநேகமாக எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், ஆய்வுப் படிப்புக்கும் அரசு உதவித்தொகைப் படிப்புக்கும் போகிறவர்கள் மட்டுமே துணையை அழைத்துவர முடியும். கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலை, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவரின் துணைக்கே பொது வேலை அனுமதி.

அமெரிக்காவிலேயே இன்னொரு வாசலும் இருக்கிறது. மாணவரின் செலவில் பெரும்பகுதியை அரசோ பல்கலைக்கழகமோ ஏற்றால், எஃப்-1க்குப் பதில் ஜே-1 விசாவில் வர வாய்ப்புண்டு. அப்போது துணைக்கு ஜே-2 கிடைக்கும். அவர் அங்கே போனபின் ஐ-765 படிவம் போட்டு வேலை அனுமதி வாங்கலாம். ஒரு நிபந்தனை: அந்தச் சம்பளம் மாணவரைத் தாங்குவதற்காக இருக்கக் கூடாது. அதோடு, சில ஜே-1காரர்கள் படிப்பு முடிந்து இரண்டு வருடம் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டு துணையையும் பிடிக்கும். சொந்தப் பணத்திலோ கல்விக்கடனிலோ எம்.எஸ். போகிறவர்களுக்கு இந்த வாசல் திறக்காது. முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோடு போகிறவர்கள், பல்கலைக்கழகம் ஐ-20 அனுப்புவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்: ‘எனக்கு ஜே-1 தர முடியுமா? இரண்டு வருட நிபந்தனை எனக்குப் பொருந்துமா?’