எட்டு மணிக்கு முன்னால் வந்தவர்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மளிகைக்கடை. அண்ணாச்சி காலை 8 மணிக்குத் திறந்து இரவு 10-க்கு அடைப்பார். பில் மெஷின் ஒவ்வொரு ரசீதிலும் நேரத்தை அச்சிட்டது. கல்லூரிக்குப் போகும் மகள், ஒரு மாத ரசீதுகளை மணி வாரியாக, கிழமை வாரியாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டாள். கதை இவ்வளவுதான். ஆனால் அந்த அட்டவணையைப் படிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மதியம் 2 முதல் 4 வரை வியாபாரம் மந்தம் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. காலையில் எப்படி? 6, 7 மணிக் கட்டங்களில் பூஜ்யம். பூட்டிய கடையில் விற்பனை எப்படி இருக்கும்? வாங்க ஆளில்லை என்று அந்தப் பூஜ்யத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. துப்பு பக்கத்துக் கட்டத்தில் கிடைத்தது. 8 மணிக் கட்டத்து ரசீதுகளில் பாதி, முதல் 10 நிமிடத்திலேயே போட்டவை. பாலும் ரொட்டியும் வாங்கக் கதவு திறக்கும்வரை ஆட்கள் காத்திருந்திருக்கிறார்கள். காத்திருக்க நேரமில்லாமல் வேறு கடைக்குப் போனவர்களோ ரசீதில் வரவே மாட்டார்கள்.

“மதியம் பூட்டிட்டு, காலையில ஆறுக்குத் திறங்கப்பா” என்றாள் மகள். அண்ணாச்சி உடனே ஒரு திருத்தம் சொன்னார். “வியாழக்கிழமை மட்டும் மதியம் பூட்டக் கூடாதும்மா, அன்னைக்குச் சந்தை.” அட்டவணையும் அதையே காட்டியது. வாரச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் வியாழக்கிழமைக் கூட்டம் அதற்குள் மறைந்துபோயிருக்கும்.

புதிய நேரத்தில் காலை இரண்டு மணி நேர விற்பனை சராசரியாக நாளுக்கு 3,200 ரூபாய். முழுவதையும் லாபக் கணக்கில் சேர்க்கலாமா? பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 8 மணிக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஆறரைக்கே வந்துவிட்டதால், அந்தக் கட்டம் 2,400-லிருந்து 1,400-ஆகக் குறைந்தது. ஆக, புதிதாக வந்தது 2,200. மதியம் போனது 900. அதில் 300 ரூபாய் நாலு மணிக்கு மேல் திரும்பி வந்தது. கூட்டிக் கழித்தால் நாளுக்கு 1,600 ரூபாய் கூடுதல் விற்பனை. சந்தை நாளைத் தவிர வேலை நேரம் கூடவில்லை, கடைப் பையனுக்குக் கூடுதல் சம்பளமும் இல்லை.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். சம்பளம் வந்த முதல் வாரத்தை மாதக் கடைசி வாரத்தோடு வைத்துப் பார்த்தால், நேரத்தை மாற்றாவிட்டாலும் வியாபாரம் ஏறியதுபோலத் தெரியும். அதனால் மகள், போன மாதத்து இரண்டாம் வாரத்தை இந்த மாதத்து இரண்டாம் வாரத்தோடுதான் ஒப்பிட்டாள். நடுவில் பண்டிகை வந்த வாரத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அண்ணாச்சிக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. பாக்கெட் பாலில் லிட்டருக்குக் கிடைக்கும் கமிஷன் சொற்பம். பருப்பிலும் எண்ணெயிலும் நிற்பது அதைவிட அதிகம். காலையில் விற்றது வெறும் பால்தான் என்றால், 1,600 ரூபாயில் கையில் நிற்பது குறைவாகவே இருக்கும். அதனால் அடுத்த மாத அட்டவணையில், விற்பனைக்குப் பக்கத்தில் லாபத்துக்கென்று ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.