நான்கு அழைப்புகள், ஒரு புகார் மனு

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க நினைப்பவர்கள் பலரிடம் இன்று கையில் வலுவான சாட்சி இருக்கிறது. கம்பெனியோடு பேசியதெல்லாம் கைப்பேசியில் பதிவாகியிருக்கும். ஆனால் மொத்தத்தையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, மனுவில் "பலமுறை போன் செய்தும் பலனில்லை" என்று ஒரு வரி எழுதினால் அந்தச் சாட்சி வீணாகிவிடும். மனுவைப் படிப்பவர் ஒரு மணி நேர உரையாடலைக் கேட்டு நம் வழக்கைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு அழைப்பையும் நாலைந்து வரியில் சுருக்கி, அந்தச் சுருக்கங்களின் மேல்தான் மனுவை எழுப்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 32,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜ், ஒரு வருட வாரண்டிக்குள்ளேயே குளிர்ச்சி நின்றுபோகிறது. கஸ்டமர் கேருடன் நான்கு அழைப்புகள். முதல் அழைப்பில் புகார் எண் தந்து, 48 மணி நேரத்தில் ஆள் வருவார் என்கிறார்கள். ஆறு நாள் கழித்து வந்த டெக்னீஷியன் கேஸ் கசிவு என்று சர்வீஸ் சீட்டில் எழுதிவிட்டு 2,800 ரூபாய் கேட்கிறார். இரண்டாவது அழைப்பில், வாரண்டியில் அது இலவசம் என்கிறார்கள். மூன்றாவதில், வெளியில் அடிபட்டதால் வாரண்டியே பொருந்தாது என்கிறார்கள். நான்காவதில், உதிரி பாகம் இருப்பில் இல்லை, 15 நாள் ஆகும் என்கிறார்கள்.

இந்த வழக்கின் உயிர் இரண்டாவது அழைப்புக்கும் மூன்றாவது அழைப்புக்கும் இடையே இருக்கிறது. இலவசம் என்று ஒப்புக்கொண்டவர்கள் பிறகு அடிபட்டது என்கிறார்கள். டெக்னீஷியனின் சீட்டிலோ அடிபட்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே மற்ற அழைப்புகளைச் சுருக்கமாகவே விட்டுவிட்டு, இந்த இரண்டில் மட்டும் பேசிய வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுத வேண்டும். இப்படி:

"அழைப்பு 2. 12.3.2025, காலை 11.05, 7 நிமிடம். 3 நிமிடம் 10ஆவது நொடியில் கஸ்டமர் கேர் ஊழியர்: 'வாரண்டில இருக்கறதால கேஸ் ஃபில்லிங்குக்கு நீங்க பணம் தர வேண்டியதில்ல சார்.' ஒலிக்கோப்பு: இணைப்பு 4."

தேதியையும் நேரத்தையும் நினைவிலிருந்து எழுதாமல் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். 'ஏமாற்றினார்கள்', 'அலைக்கழித்தார்கள்' என்பவை நம் முடிவுகள். அவற்றுக்குச் சுருக்கத்தில் இடமில்லை. மனுவின் பிற்பகுதியில், சேவைக் குறைபாடு என்று வாதிடும் இடத்தில் வரட்டும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது தமக்குப் பாதகமான வரியை விட்டுவிடும்போதுதான். முதல் அழைப்பில் நீங்களே, "ரெண்டு நாளா கரண்ட் ஏறி இறங்கிச்சு" என்று சொல்லியிருப்பீர்கள். சுருக்கத்தில் அதை மறைத்தால், எதிர்தரப்பு தன்னிடமுள்ள பதிவிலிருந்து அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டும். உங்கள் மற்ற மூன்று சுருக்கங்களின் மேலும் சந்தேகம் விழும். அதை நீங்களே எழுதுங்கள். அடுத்த வரியில், டெக்னீஷியனின் சீட்டில் மின்னழுத்தம் காரணமாகக் குறிப்பிடப்படவில்லை என்பதையும் எழுதுங்கள். நீங்கள் கோபத்தில் கத்தியிருந்தாலும் இதே முறைதான்.

ஒலிக்கோப்பை வெட்டவோ, சத்தத்தைக் கூட்டவோ கூடாது. மூலக்கோப்பு அழைப்பு வந்த கைப்பேசியிலேயே இருக்கட்டும்; நகலை மட்டும் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆவது பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் மறுபகுதியை ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணும் அதில் இடம்பெறும். விண்டோஸ் கணினியில் அதை எடுக்கும் கட்டளை:

```
certutil -hashfile call2.mp3 SHA256
```

கோப்பில் ஒரு நொடியை வெட்டினாலும் இந்த எண் முற்றிலும் மாறிவிடும். நுகர்வோர் ஆணையம் சிவில் நீதிமன்றம் அளவுக்குச் சாட்சிய விதிகளைக் கறாராகப் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் சான்றிதழ் இருந்தால், பதிவு போலி என்ற வாதத்துக்கு இடம் குறையும். சுருக்கங்கள் சரியானவை என்று பிரமாணப் பத்திரத்திலும் சொல்லிவிட வேண்டும்.

மனுவுக்கு முன் கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீஸில் நான்கு தேதிகளையும் புகார் எண்ணையும் குறிப்பிட்டு, அவர்களிடமுள்ள பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. கேட்டும் கொடுக்காவிட்டால் அதையும் வாதத்தில் எடுத்துச் சொல்லலாம்.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.