ஐந்து கேட்டுகள், இரண்டு அடுக்குமுறைகள்

ஆண்ட் கேட் என்பது எல்லா உள்ளீடுகளும் 1-ஆக இருந்தால் மட்டுமே 1 என்று வெளியிடும் மின்னணுச் சுற்று. ஒன்றே ஒன்று 0 ஆனாலும் வெளியீடு 0 ஆகிவிடும். Z80 போன்ற 8 பிட் செயலியில் A0 முதல் A15 வரை 16 முகவரிக் கம்பிகள் உண்டு. செயலி 0xFFFF என்ற முகவரியைக் கேட்கிறதா என்று அறிய, அந்த 16 கம்பிகளும் ஒரே சமயத்தில் 1-ஆக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு 16 உள்ளீடுள்ள ஆண்ட் கேட் தேவை. எளிதாகக் கிடைக்கும் 74HC21 சிப்பிலோ நான்கு உள்ளீட்டு ஆண்ட் கேட்டுகள் இரண்டுதான் இருக்கின்றன.

16 உள்ளீடுகளை ஒரே கேட்டில் அடைப்பது வழக்கத்தில் இல்லாததற்குக் காரணம் டிரான்சிஸ்டர்களின் அமைப்பு. சீமாஸ் வகைச் சுற்றில் ஓர் ஆண்ட் கேட்டுக்குள் உள்ளீட்டுக்கு ஒன்றாக டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் நிற்கும். தொடர் நீள நீள மின்தடை கூடி, கேட் மந்தமாகிவிடும். நான்கு என்பது நடைமுறையில் தாங்கக்கூடிய அளவு. ஆகவே பெரிய ஆண்ட் கேட்டைச் சிறியவற்றைக் கோத்துத்தான் கட்ட வேண்டும்.

எத்தனை கேட்டுகள் வேண்டும் என்பதை வரைபடம் போடாமலே சொல்லிவிடலாம். ஒரு கேட் நான்கு சமிக்ஞைகளை வாங்கிக்கொண்டு ஒன்றைத் தருகிறது. அதாவது ஒவ்வொரு கேட்டும் சமிக்ஞைகளின் எண்ணிக்கையில் 3-ஐக் குறைக்கிறது. 16 சமிக்ஞைகள் ஒன்றாகக் குறைய வேண்டுமானால் 15 குறைய வேண்டும். 15-ஐ 3-ஆல் வகுத்தால் 5. எப்படிக் கோத்தாலும் ஐந்து கேட்டுகள்தான். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. சிப் கணக்கில் மூன்று 74HC21 போதும். ஆறாவது கேட் மிச்சம். அதன் உள்ளீடுகளை அந்தரத்தில் விடாமல் தரை முனையுடனோ மின்வழங்கியுடனோ இணைத்துவிட வேண்டும்.

விலை ஒன்றுதான் என்றால் வேறுபாடு எங்கே? கோக்கும் முறையில்.

```
மரம்
G1 = AND(A0, A1, A2, A3)
G2 = AND(A4, A5, A6, A7)
G3 = AND(A8, A9, A10, A11)
G4 = AND(A12, A13, A14, A15)
G5 = AND(G1, G2, G3, G4)

சங்கிலி
G1 = AND(A0, A1, A2, A3)
G2 = AND(G1, A4, A5, A6)
G3 = AND(G2, A7, A8, A9)
G4 = AND(G3, A10, A11, A12)
G5 = AND(G4, A13, A14, A15)
```

மர அமைப்பில் முதல் நான்கு கேட்டுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அவற்றின் விடைகளை ஐந்தாவது கேட் சேர்க்கிறது. சங்கிலியில் முதல் கேட் நான்கு கம்பிகளை வாங்குகிறது. அடுத்தடுத்த கேட் ஒவ்வொன்றும் முந்தையதன் விடையையும் புதிதாக மூன்று கம்பிகளையும் வாங்குகிறது. நான்கும், பிறகு நான்கு முறை மூன்றும் சேர்ந்தால் 16.

5 வோல்ட்டில் ஒரு கேட்டின் தாமதம் 10 நானோ வினாடி என்று கொள்வோம். மரத்தில் எந்தக் கம்பி மாறினாலும் சமிக்ஞை இரண்டு கேட்டுகளைக் கடந்தால் போதும்; 20 நானோ வினாடியில் விடை வந்துவிடும். சங்கிலியில் A0-வின் மாற்றம் ஐந்தையும் கடந்தாக வேண்டும்; 50 நானோ வினாடி ஆகும். 4 மெகாஹெர்ட்ஸில் ஓடும் Z80-க்கு ஒரு கடிகாரச் சுழற்சி 250 நானோ வினாடி. அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சங்கிலி தின்றுவிடுகிறது. உள்ளீடுகள் கூடும்போது இடைவெளி இன்னும் விரியும். 64 உள்ளீடுகளுக்கு இரு முறையிலும் 21 கேட்டுகளே. ஆனால் மரத்தில் ஆழம் மூன்று, சங்கிலியில் 21.

இதை வைத்துச் சங்கிலியை ஒதுக்கிவிடுவது அவசரம். சங்கிலியின் 50 நானோ வினாடி என்பது A0 முதல் A3 வரையிலான கம்பிகளுக்கு மட்டுமே. A13, A14, A15 நேராகக் கடைசிக் கேட்டில் நுழைவதால் அவற்றுக்கு 10 நானோ வினாடி போதும். அது மரத்தின் பாதி. எல்லா உள்ளீடுகளும் ஒன்றாக வரும்போது இந்தச் சலுகையால் பயனில்லை. ஒன்று மட்டும் பிந்தி வரும் சுற்றில் கதை மாறும்.

பதினைந்து சமிக்ஞைகள் 0 நேரத்திலேயே தயார். ஒன்று மட்டும் ஒரு கூட்டல் சுற்றைத் தாண்டி 40 நானோ வினாடி கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தில் அது இரண்டு கேட்டுகளைக் கடக்க, விடை 60-இல் கிடைக்கும். சங்கிலியின் கடைசிக் கேட்டில் அதைப் பொருத்தினால், முதல் நான்கு கேட்டுகளும் அதற்குள் வேலையை முடித்துவிட்டிருக்கும். விடை 50-இலேயே வந்துவிடும். அதே சமிக்ஞையைத் தெரியாமல் முதல் கேட்டில் கொடுத்தால் 90 ஆகும். கம்பியை எங்கே செருகுகிறோம் என்பதற்கே 40 நானோ வினாடி விலை.

இரண்டையும் கலந்து கட்டுவதே இங்கே நல்ல வழி. பிந்தும் சமிக்ஞை நேராகக் கடைசிக் கேட்டுக்குப் போகட்டும். மற்ற 15-இல் நான்கு ஒரு கேட்டிலும், நான்கு இன்னொரு கேட்டிலும் சேரும். மிச்சம் ஏழில் நான்கை ஒரு கேட் சேர்க்க, அதன் விடையோடு மூன்றை மற்றொரு கேட் சேர்க்கும். இப்போதும் ஐந்தே கேட்டுகள். பிந்தும் சமிக்ஞைக்கு 10, மற்றவற்றுக்கு அதிகபட்சம் 30 நானோ வினாடி. அது 40-க்குப் பதில் 20-இல் வந்தால் சங்கிலி 50-லும், மரம் 40-லும், இந்தக் கலப்பு 30-லும் விடை தரும். பிந்துதல் 10 நானோ வினாடியைத் தாண்டினாலே கலப்பு மரத்தை முந்திவிடுகிறது.

சங்கிலியில் வேகத்தைவிடப் பெரிய தொல்லை, பொய்த் துடிப்பு. முகவரி 0x7FFF-இலிருந்து 0xFFFE-க்கு மாறுகிறது என்று கொள்வோம். முன்பு A15 மட்டும் 0, பின்பு A0 மட்டும் 0. இரண்டு நிலையிலும் வெளியீடு 0-ஆகவே இருக்க வேண்டும். ஆனால் A15 உயர்ந்த செய்தி 10 நானோ வினாடியில் வெளியே வந்துவிடுகிறது. A0 தாழ்ந்த செய்தி வெளியே தெரிய 50 ஆகிறது. இடைப்பட்ட 40 நானோ வினாடி, 0xFFFF வந்துவிட்டதாகச் சுற்று பொய் சொல்கிறது. இந்த வெளியீட்டை நேராக ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பின் கடிகார முனையில் கொடுத்திருந்தால் அது தவறாகத் திரும்பிவிடும். மரத்தில் இரண்டு பாதைகளும் ஒரே நீளம் என்பதால் துடிப்பு எழுந்தாலும் மிகக் குறுகியதாகவே இருக்கும். முற்றிலும் எழாது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் Z80-இல் முகவரி நிலைத்தபின் வரும் MREQ சமிக்ஞையோடு சேர்த்தே இந்த விடையைப் பயன்படுத்துகிறார்கள்.

தாமதத்தை ஆசிலாஸ்கோப்பில் அளக்கும்போதும் கவனம் வேண்டும். மற்ற 15 உள்ளீடுகளையும் 1-இல் நிறுத்தி, ஒன்றை மட்டும் துடிக்கவிட வேண்டும். அவற்றில் ஒன்று 0-ஆக இருந்தாலும் வெளியீடு அசையாது. சங்கிலியில் A15-ஐத் துடிக்கவிட்டால் 10 நானோ வினாடி தெரியும். சுற்று வேகமானது என்ற தவறான முடிவுக்கு அது கொண்டுபோகும். மோசமான தாமதம் தெரிய வேண்டுமானால் முதல் கேட்டின் உள்ளீட்டைத்தான் துடிக்கவிட வேண்டும். மரத்தில் 16 உள்ளீடுகளில் எதைத் துடிக்கவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். ஒன்று மட்டும் விலகித் தெரிந்தால், அந்தக் கம்பி தவறான கேட்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.