பதவி உயர்வுக்கு ஒரு பரிந்துரை: நிர்வாகம் எதைப் பார்க்கிறது?

"மிக நேர்மையானவர், கடும் உழைப்பாளி, பத்து வருட அனுபவம் உள்ளவர். இவருக்குப் பதவி உயர்வு தந்தால் நிறுவனத்துக்குப் பெரும் நன்மை." மேலிடத்துக்குப் போகும் பரிந்துரைக் கடிதங்கள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் இதே கடிதம் யாருக்கும் பொருந்தும். அதனாலேயே அதை வைத்து இயக்குநரால் எந்த முடிவுக்கும் வர முடிவதில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். தையல் பிரிவில் நான்கு லைன்கள். ஒரு லைனின் சூப்பர்வைசரான பெண்மணியை, நான்கு லைன்களையும் பார்த்துக்கொள்ளும் ஃப்ளோர் இன்சார்ஜாக உயர்த்த வேண்டும் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் நினைக்கிறார். அவர் என்ன எழுத வேண்டும்?

முதலில் கைக்கு வருவது ஆல்டர் கணக்கு. தைத்த நூறு பீஸில் எத்தனை பீஸ் திருத்தத்துக்குத் திரும்பி வருகிறது என்பது செக்கிங் ரெஜிஸ்டரில் தினமும் ஏறுகிறது. போன வருடம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இவர் லைனில் நூற்றுக்கு 9. இந்த வருடம் அதே மாதங்களில் 5. இதை மட்டும் எழுதினால், "புது மிஷின் வாங்கினோமே, அதனால் குறைந்திருக்குமோ?" என்று இயக்குநர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் மற்ற மூன்று லைன்களில் இருக்கிறது. அதே மிஷின்கள் அங்கேயும் வந்தன. அங்கே 9 என்பது 8 ஆகத்தான் குறைந்தது. ஆக, குறைந்த நான்கில் ஒன்று மிஷினுக்குப் போனாலும், மூன்று இந்த லைனில் மட்டும் நடந்த ஏதோ ஒன்றால் வந்தது. அது என்ன என்றும் சொல்ல வேண்டும். புது ஸ்டைல் ஏறும் நாளில், முதல் பீஸ்களை அவரே டெய்லர் பக்கத்தில் நின்று பார்த்து, தவறை அங்கேயே நிறுத்துகிறார். இடையில் ஒரு மாதம் முழுக்க சாதா ரவுண்ட் நெக் மட்டும் ஓடியிருந்தால், அந்த மாதத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றும் எழுதிவிடலாம். சுலபமான வேலையில் ஆல்டர் குறைவது யாருக்கும் பெருமை இல்லை.

இதோடு கடிதத்தை முடித்தால், அவர் நல்ல சூப்பர்வைசர் என்பதுதான் நிரூபணமாகும். நல்ல இன்சார்ஜாக இருப்பார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ என்ற மூவர் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அதிகம் விற்றவர்களுக்கே மேலாளர் பதவி எளிதாகக் கிடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் விற்பனை குறைந்தது.

எனவே கடிதத்தின் கனம் அடுத்த பதவியின் வேலையில் இருக்க வேண்டும். இன்சார்ஜ் ஆறு வாரம் விடுப்பில் போனபோது நான்கு லைன்களையும் இந்தப் பெண்மணிதான் பார்த்தார். ஷிப்மென்ட் எதுவும் தள்ளிப்போகவில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் ஓவர்டைம் கூடியது. மூன்றாவது வாரம் ஆட்களை லைன் மாற்றிப் போட்டுச் சரிசெய்தார். அந்த ஓவர்டைமை மறைக்கக் கூடாது. சம்பளப் பட்டியலில் அது எப்படியும் தெரியும். மேனேஜரே அதைச் சொல்லிவிட்டால், மற்ற வரிகளையும் இயக்குநர் நம்பிப் படிப்பார்.

குறையையும் அதே நிதானத்தோடு எழுத வேண்டும். "பையரின் மெயிலுக்குத் தனியாகப் பதில் எழுத இன்னும் தயாராகவில்லை. முதல் மூன்று மாதம் மெர்ச்சண்டைசர் துணை தேவைப்படும்." இப்படிக் குறையோடு வழியும் சேர்ந்து வந்தால் போதும். "இவரைப் போல இன்னொருவர் இல்லை" என்பதும், "தராவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்" என்பதும் வேண்டாம். முன்னது மற்ற சூப்பர்வைசர்களை மட்டம் தட்டுகிறது. பின்னது மிரட்டலாகப் படுகிறது. நேரில் பார்த்ததை "பார்த்தேன்" என்றும், பிறர் சொன்னதை "க்வாலிட்டி மேனேஜர் சொன்னார்" என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

கேட்பது என்ன என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும்: எந்தப் பதவி, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு சம்பளம். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். ரெஜிஸ்டர் கணக்குகள் இணைப்பாகப் போகட்டும். பலர் விட்டுவிடும் இன்னொரு வரி உண்டு: அவர் விட்டுப்போகும் லைனை யார் பார்ப்பது? அவரே பழக்கிய ஒரு டெய்லர் தயாராக இருந்தால், அதைவிட வலுவான சாட்சி கிடையாது. முடிவு வரும்வரை சம்பந்தப்பட்டவரிடம் உறுதி எதுவும் தரக் கூடாது.

"இப்போது வேண்டாம்" என்று பதில் வந்தால், எந்தச் சாட்சி போதவில்லை, எந்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆதாரத்தோடு கேட்டவருக்கு, மறுப்புக்கும் காரணம் கேட்கும் உரிமை உண்டு.