பூட்டிய திரையிலேயே நேரம் தெரியட்டும்

சந்திப்புக்கு நேரம் கேட்டு மெயில் அனுப்புகிறோம். அதைப் பெறுபவர் முதலில் பார்ப்பது மெயிலை அல்ல, செல்போன் திரையில் வந்து நிற்கும் நோட்டிஃபிகேஷனை. அதில் அனுப்பியவர் பெயரும், சப்ஜெக்டும், உள்ளே எழுதியதில் முதல் சில சொற்களும்தான் இருக்கும். நாம் சொன்ன நேரம் அந்தச் சொற்களுக்குள் வந்துவிட்டால், அவர் மெயிலைத் திறக்காமலேயே தனக்குத் தோதுப்படுமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

சென்னையில் பெயர்ப்பலகை வடிவமைக்கும் ஒருவர், சிங்கப்பூரில் இருக்கும் கடைக்காரரோடு போனில் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

சப்ஜெக்ட்: தங்கள் கடையின் பெயர்ப்பலகை வடிவமைப்பு தொடர்பான கலந்துரையாடல் குறித்து
முதல் வரி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

திரையில் "தங்கள் கடையின் பெயர்ப்பலகை வடிவ…" என்ற அளவோடு சப்ஜெக்ட் அறுந்துவிடும். கீழே நலம் விசாரிப்பு நிற்கும். நேரம் மூன்றாவது பத்தியில் கிடக்கும். அதையே இப்படி மாற்றலாம்:

சப்ஜெக்ட்: ஜூன் 12 வியாழன் மாலை 4 பேசலாமா? பெயர்ப்பலகை
முதல் வரி: வணக்கம் ஐயா. சிங்கப்பூர் நேரம் மாலை 6.30, போனில் 20 நிமிடம். தோதுப்படாவிட்டால் வெள்ளி காலை 11 (அங்கே 1.30).

சப்ஜெக்டில் தேதி, கிழமை, நேரம் மூன்றும் முன்னால் வந்துவிட்டன. விஷயம் கடைசிக்குப் போய்விட்டது. அது அறுந்தாலும் நஷ்டமில்லை, அனுப்பியவர் பெயரைப் பார்த்தே எதைப் பற்றி என்று அவருக்குப் புரிந்துவிடும். சில போன்களில் சப்ஜெக்ட் மட்டுமே தெரியும், விரித்தால்தான் உள்வரி வரும். அதனால் முதன்மையான நேரம் சப்ஜெக்டிலேயே இருக்க வேண்டும். அதை முதல் வரியில் அப்படியே திரும்பச் சொல்லாமல், அவருடைய ஊர் நேரம், எவ்வளவு நேரம் பேச்சு, மாற்று நேரம் ஆகியவற்றுக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாம். மரியாதை குறையாது. "வணக்கம் ஐயா" இருக்கிறது, நலம் விசாரிப்பு அடுத்த பத்திக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வணக்கத்துக்குப் பிறகு வரி விட்டு எழுதினாலும் பொதுவாக நோட்டிஃபிகேஷனில் எல்லாம் ஒட்டி ஒரே ஓட்டமாகத்தான் தெரியும்.

எத்தனை எழுத்து தெரியும் என்பதற்கு நிலையான கணக்கு இல்லை. போனின் அகலம், எழுத்தின் அளவு, மெயில் செயலி இவற்றைப் பொறுத்து அது மாறும். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட அகலமானவை என்பதால் இன்னும் சீக்கிரம் அறுபடும். முதல் நான்கைந்து சொற்களுக்குள் நேரம் வந்துவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை.

"நாளை மாலை 4" என்று எழுதுவது ஆபத்து. இரவில் அனுப்பியதை அவர் மறுநாள் காலையில் பார்த்தால், "நாளை" ஒரு நாள் தள்ளிப்போய்விடும். தேதியோடு கிழமையையும் எழுதினால், ஒன்றில் தவறு இருந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய சிக்கல் நேரம் மாறும்போது வருகிறது. அதே மெயிலுக்குப் பதிலாக "5 மணிக்கு மாற்றலாமா" என்று எழுதினால், பழைய சப்ஜெக்ட் "Re:" சேர்ந்து அப்படியே போகும். அவருடைய திரையில் மேலே கொட்டை எழுத்தில் 4, கீழே சின்ன எழுத்தில் 5. அவசரத்தில் பார்ப்பவர் 4 என்றே எடுத்துக்கொள்வார். அதனால் நேரம் மாறினால் சப்ஜெக்டையும் மாற்றுங்கள்: "நேர மாற்றம்: ஜூன் 12 வியாழன் மாலை 5". இதில் ஒரு விலை உண்டு. ஜிமெயிலில் சப்ஜெக்ட் மாறினால் அது புதிய உரையாடலாகப் பிரிந்துவிடும், பழைய கடிதங்கள் கூடவே வராது. தவறான மணிக்கு ஒருவர் காத்திருப்பதைவிட அது மேல்.

கூகுள் காலண்டர் அழைப்பிலும் இதே தொல்லை உண்டு. அதன் சப்ஜெக்டில் "Invitation:" என்ற சொல்லும் நிகழ்ச்சித் தலைப்பும் முதலில் வரும், நேரம் "@" குறிக்குப் பிறகுதான். தலைப்பு நீண்டால் நேரம் அறுந்துவிடும். இரண்டே சொல்லில் தலைப்பு வைத்தால் போதும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஐபோனில் Show Previews என்ற அமைப்பை Never என்று வைத்திருப்பவருக்கு பூட்டிய திரையில் சப்ஜெக்டும் உள்வரியும் தெரியாது. முன்னோட்டம் தெரிபவர்களின் திரையையோ பக்கத்தில் இருப்பவரும் படிக்கலாம். மருத்துவரைப் பார்ப்பது, வேறு வேலைக்கான நேர்காணல் போன்றவற்றுக்கு நேரத்தை மட்டும் சப்ஜெக்டில் வைத்து, விஷயத்தை உள்ளே தள்ளி எழுதுங்கள்.

முக்கியமான மெயிலை அனுப்பும் முன் உங்களுடைய இன்னொரு முகவரிக்கு அனுப்பி, போனைப் பூட்டி வைத்துப் பாருங்கள். திறக்காமல் நேரத்தைச் சொல்ல முடியவில்லை என்றால், சப்ஜெக்டை மாற்றி எழுதுங்கள்.