மீட்டரில் 135, லேபில் 8: எது சரி?

மூன்று மாதப் பரிசோதனைத் தேதி நெருங்கும்போது வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. சர்க்கரை நோய் என்று புதிதாகத் தெரிந்தவர் வீட்டு மீட்டரின் பதிவை அச்செடுக்கிறார். மேலே ‘14 நாள் சராசரி 135’ என்று இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி 8. அது ஏறக்குறைய 183 என்ற சராசரிக்குச் சமம். எந்த இயந்திரம் தப்பு என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே தப்பில்லை. மீட்டர் ‘சராசரி’ என்று எதைச் சொல்கிறது என்பதில்தான் சிக்கல்.

மீட்டருக்கு உங்கள் நாள் தெரியாது, நீங்கள் விரலில் குத்திய நேரங்கள் மட்டுமே தெரியும். ஒருவர் 14 நாளில் 12 முறை காலை வெறும் வயிற்றிலும், இரண்டே முறை இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். காலை அளவுகள் 118-ஐ ஒட்டியும் இரவு அளவுகள் 236-ஐ ஒட்டியும் இருந்தால் பதினான்கையும் கூட்டி வகுக்கும்போது 135 வரும். கணக்கு சரிதான். ஆனால் அவர் உடம்பு 135-இல் இருந்ததாக அந்த அச்சில் ஒரு வரிகூட இல்லை. காலை ஒரு கதை, இரவு வேறு கதை. சாப்பாட்டுக்குப் பிறகான மணிநேரங்களுக்கு அந்தச் சராசரியில் ஏழில் ஒரு பங்குதான் கிடைத்தது. அதனால் அச்சின் தலைப்பு எண்ணை விட்டுவிட்டு, வெறும் வயிற்று அளவுகளைத் தனியாகவும் சாப்பாட்டுக்குப் பிந்தையவற்றைத் தனியாகவும் கூட்டி வகுத்துப் பாருங்கள். மருத்துவருக்கு வேண்டியது அந்த இரண்டு எண்கள்.

‘மீட்டரே துல்லியமில்லை, அதுதான் காரணம்’ என்பார்கள். பெட்டியில் ‘துல்லியமானது’ என்று அச்சிட்டிருந்தாலும், 2013-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ தரம் 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் முன்பின் போக இடம் தருகிறது. லேபில் 200 என்றால் மீட்டர் 170 காட்டினாலும் தேறிவிடும். ஆனால் மேலே சொன்ன 135-ஐ இந்தப் பிழை உண்டாக்கவில்லை. பிழையே இல்லாத மீட்டரும் அதே நேரங்களில் குத்தினால் அதே எண்ணைத்தான் தரும்.

இன்னொரு மறுப்பு நியாயமானது. இப்போதுதான் மாத்திரை ஆரம்பித்தவருக்குக் கடைசி இரண்டு வாரம் உண்மையிலேயே குறைந்திருக்கலாம், லேப் எண்ணில் பழைய வாரங்களும் சேர்ந்திருக்கும். அதை நம்புவதற்கு முன் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுகளும் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த நேரங்களில் குத்தவே இல்லையென்றால் குறைந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

மற்ற கேள்விகள்: இரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி தடம் மாறும், மருத்துவரிடம் சொல்லுங்கள். மாம்பழம் தொட்ட கையைக் கழுவாமல் குத்தினால் அளவு ஏறும். பேட்டரி மாற்றினால் தேதியைச் சரிபாருங்கள், இல்லையேல் ‘14 நாள்’ வேறு எந்த நாட்களையோ எண்ணும்.